பில் 2,36,000 ரூபாய், க்ளெய்ம் 1,38,400 ரூபாய்: அறை வாடகை வரம்பும் கோ-பேமென்ட்டும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவக் காப்பீட்டு முகவராக இருப்பதால், டிஸ்சார்ஜ் நாள் சாயங்காலம் எனக்கு வரும் போன்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். பில் கவுன்ட்டரில் நின்றுகொண்டே பேசுவார்கள். "பாலிசி இருக்குன்னு சொன்னீங்க, இப்ப ஒரு லட்சம் கட்டச் சொல்றாங்க" என்பதுதான் முதல் வரி. அப்படிக் கேட்டவற்றை, கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

எல்லா பதில்களுக்கும் ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்கிறேன். 67 வயது அப்பா. குடலிறக்கத்துக்கு வலை வைத்து அறுவை சிகிச்சை. நாலு நாள் ஆஸ்பத்திரி. பாலிசித் தொகை 5 லட்சம், அறை வாடகை வரம்பு அதில் 1 சதவீதம், க்ளெய்மில் நாமே ஏற்க வேண்டிய பங்கான கோ-பேமென்ட் 20 சதவீதம். எடுத்த அறை நாளுக்கு 8,000 ரூபாய். கணக்குப் புரிய வேண்டும் என்பதற்காக ரூபாயை முழு எண்களாக வைத்திருக்கிறேன். 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட அறைக்கு வரும் ஜி.எஸ்.டி.யையும் சேர்க்கவில்லை.

அஞ்சு லட்சத்துக்கு பாலிசி இருக்கு. பில்லே ரெண்டரை லட்சத்தைத் தொடல. அப்புறம் ஏன் முழுசா தரல?

5 லட்சம் என்பது கம்பெனி அந்த ஆண்டில் அதிகபட்சம் தரக்கூடிய தொகை. அதற்குள் வரும் எந்த பில்லையும் அப்படியே தருவோம் என்று அதற்கு அர்த்தமில்லை. பில்லில் எந்த வரிக்கு எவ்வளவு தரலாம் என்று பாலிசிக்குள்ளேயே தனியாக நிபந்தனைகள் இருக்கின்றன. மொத்தத் தொகையைத் தொடாமலேயே அந்த நிபந்தனைகள் பில்லைக் குறைத்துவிடும்.

குறைவது பொதுவாக மூன்று இடங்களில். கையுறை, பதிவுக் கட்டணம், டயப்பர் போன்ற தரப்படாத பொருள்கள் ஒன்று. அறை வாடகை வரம்பு இரண்டாவது. கோ-பேமென்ட் மூன்றாவது. முதலாவது எல்லோர் கண்ணிலும் படும், அதற்காகத்தான் அதிகம் சண்டை போடுவார்கள். பெரிய தொகை போவதோ மற்ற இரண்டில்.

ரூம் வாடகை 1%னு போட்டிருக்கு. எதுல ஒரு சதவீதம்?

பாலிசித் தொகையில், ஒரு நாளைக்கு. 5 லட்சத்துக்கு 1 சதவீதம் 5,000 ரூபாய். 3 லட்சம் பாலிசி என்றால் 3,000 ரூபாய்தான். க்ளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்காகச் சேர்ந்த போனஸைக் கூட்டி 1 சதவீதம் பார்க்கக் கூடாது. பெரும்பாலான பாலிசிகளில் அடிப்படைத் தொகையை மட்டும்தான் எடுப்பார்கள்.

எல்லா பாலிசியிலும் சதவீதம் இருக்காது. சிலவற்றில் நேரடியாக ரூபாய் இருக்கும். சிலவற்றில் 'ஒருவர் தங்கும் ஏ.சி. அறை' என்று வகை மட்டும் இருக்கும். வகை வரம்பு உள்ளவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அந்த ஆஸ்பத்திரியில் சாதாரண ஏ.சி. தனி அறை என்ன விலையோ அது செல்லும். டீலக்ஸ், ஸ்வீட் என்று மேலே போனால்தான் பிரச்சினை. ரூபாய் வரம்பு அப்படியில்லை. பத்து வருஷத்துக்கு முன் எடுத்த பாலிசியில் அன்றைக்கு தாராளமாக இருந்த 3,000 ரூபாய், இன்றைக்கு நகரத்து தனியார் ஆஸ்பத்திரியில் இருவர் தங்கும் அறைக்கே போதாது.

நாளுக்கு மூவாயிரம் அதிகம், நாலு நாளைக்கு பன்னிரண்டாயிரம். அதைப் பிடிச்சா நியாயம். டாக்டர் ஃபீஸுல ஏன் கை வச்சாங்க?

இந்தக் கேள்விக்கு பதில் தெரிந்தால் செட்டில்மென்ட் கடிதத்தில் பாதி புரிந்துவிடும். பல தனியார் ஆஸ்பத்திரிகளில் அறையின் விலை ஏற ஏற மற்ற கட்டணங்களும் ஏறும். பொது வார்டில் படுத்திருப்பவருக்கும் தனி அறைக்காரருக்கும் அதே சர்ஜன், அதே தியேட்டர், அதே ஒரு மணி நேரம். ஆனால் கட்டணம் வேறு. இதை டிஃபரென்ஷியல் பில்லிங் என்பார்கள்.

கம்பெனி சொல்வது இதுதான்: நாங்கள் 5,000 ரூபாய் அறைக்கு உரிய செலவை ஏற்பதாகத்தான் ஒப்பந்தம். நீங்கள் 8,000 ரூபாய் அறை எடுத்ததால் சர்ஜன் ஃபீஸும் 8,000 ரூபாய் அறைக்கான ரேட்டில் வந்திருக்கிறது. எனவே அதையும் 8-க்கு 5 என்ற அளவில் குறைத்துத்தான் தருவோம். 5,000-ஐ 8,000-ஆல் வகுத்தால் 62.5 சதவீதம். டாக்டர் ஃபீஸில் 62.5 சதவீதம் கம்பெனிக்கு, 37.5 சதவீதம் உங்களுக்கு. கடிதத்தில் 'ப்ரொபோர்ஷனேட் டிடக்ஷன்', அதாவது விகிதக் கழிவு, என்று இருப்பது இதுதான். பாலிசியை விற்கும்போது அறை வாடகை வரம்பு என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். அது அறைக்கு மட்டுமான வரம்பு என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். இதில் வாடிக்கையாளரைக் குறை சொல்ல என்னால் முடியாது.

எங்க பில்லை வச்சே கணக்குப் போட்டுக் காட்டுங்க.

அப்பாவின் பில்லில் இருந்தவை:

- அறை, நர்சிங் உட்பட, 4 நாள்: 32,000
- சர்ஜன் ஃபீஸ்: 60,000
- மயக்க மருந்து டாக்டர்: 18,000
- ஆபரேஷன் தியேட்டர்: 30,000
- டாக்டர் வந்து பார்த்ததற்கு: 12,000
- மருந்து: 38,000
- ரத்தப் பரிசோதனை, ஸ்கேன்: 22,000
- உள்ளே வைத்த வலை: 18,000
- தரப்படாத பொருள்கள்: 6,000
- மொத்தம்: 2,36,000

முதலில் 6,000 கழிந்துவிடும். அறைக்கு 20,000 தருவார்கள், 12,000 கழியும். சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், தியேட்டர், டாக்டர் விசிட் நான்கும் சேர்ந்து 1,20,000. அதில் 62.5 சதவீதம் 75,000. இங்கே 45,000 கழிகிறது. மருந்து, பரிசோதனை, வலை மூன்றும் சேர்ந்த 78,000-ஐக் குறைக்காமல் ஏற்க வேண்டும். ஆக ஏற்கப்பட்ட தொகை 20,000 + 75,000 + 78,000 = 1,73,000. இதில் 20 சதவீதம் கோ-பேமென்ட், 34,600. கம்பெனி தருவது 1,38,400. அப்பா கையிலிருந்து 97,600.

ஐயாயிரம் ரூபா ரூமிலேயே இருந்திருந்தா எவ்வளவு மிச்சம்?

மற்ற கட்டணங்கள் எதுவும் மாறவில்லை என்றே வைத்துக்கொள்வோம். பில் 2,24,000 ஆகியிருக்கும். தரப்படாத 6,000 போக 2,18,000-ம் ஏற்கப்பட்டிருக்கும். 20 சதவீதம் கோ-பேமென்ட் போக கம்பெனி 1,74,400 தந்திருக்கும். கைப்பணம் 49,600.

வித்தியாசம் 48,000 ரூபாய். நாளுக்கு 3,000 கூடக் கொடுத்து நல்ல அறை எடுத்தோம் என்று நினைத்தோம். உண்மையில் நாளுக்கு 12,000 கூடக் கொடுத்திருக்கிறோம். நிஜத்தில் 5,000 ரூபாய் அறைக்கு சர்ஜன் ஃபீஸும் கொஞ்சம் குறைந்திருக்கும் என்பதால் கைப்பணம் இன்னும் சற்றுக் கீழே வந்திருக்கும்.

பிரீமியம் ஒழுங்கா கட்டுறோம். அப்புறம் கோ-பேமென்ட்னு எதுக்குத் தனியா?

ஒவ்வொரு க்ளெய்மிலும் ஒரு பங்கை நீங்கள் ஏற்பதாக பாலிசி எடுக்கும்போதே ஒப்புக்கொண்டது அது. அதற்கு ஈடாகப் பிரீமியம் குறைவாக இருந்திருக்கும், அல்லது அந்த வயதில் பாலிசியே அந்த நிபந்தனையோடுதான் கிடைத்திருக்கும். 60 தாண்டிச் சேர்பவர்களுக்கு 10, 20, சில பாலிசிகளில் 30 சதவீதம் வரை வைப்பது சகஜம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வடிவமைத்து 2020-ல் எல்லா கம்பெனிகளையும் விற்கச் சொன்ன ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியில்கூட வயது பார்க்காமல் 5 சதவீதம் உண்டு.

வயது மட்டும் காரணமில்லை. சின்ன ஊர் விலாசத்தில் குறைந்த பிரீமியத்தில் எடுத்துவிட்டு சென்னையிலோ பெங்களூருவிலோ சிகிச்சை பார்த்தால் மண்டல கோ-பேமென்ட் என்று வரும். நெட்வொர்க்கில் இல்லாத ஆஸ்பத்திரிக்குப் போனால் சில பாலிசிகளில் தனியாக ஒன்று வரும். கடிதத்தில் சதவீதம் நீங்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக இருந்தால், எந்தக் காரணத்துக்காகப் பிடித்தார்கள் என்று கேளுங்கள். டிடக்டிபிள் என்பதோடும் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். டிடக்டிபிள் என்பது முதலில் நாம் ஏற்க வேண்டிய ஒரு நிலையான ரூபாய்த் தொகை. கோ-பேமென்ட் சதவீதம் என்பதால் பில் ஏற ஏற அதுவும் ஏறும்.

இருபது சதவீதத்தை முதல்ல பிடிக்கணுமா, கடைசியில பிடிக்கணுமா? எங்களுக்கு 47,200 பிடிச்சிருக்காங்க.

கடைசியில். மேலே போட்ட கணக்கில் 1,73,000-க்குத்தான் 20 சதவீதம் பார்த்தோம். 47,200 என்பது 2,36,000-க்கு 20 சதவீதம். அதாவது, ஏற்கெனவே உங்கள் தலையில் விழுந்த 63,000 ரூபாய்க்கும் சேர்த்து இன்னொரு முறை பங்கு கேட்டிருக்கிறார்கள். வழக்கமான வாசகம், 'ஏற்கத்தக்க க்ளெய்ம் தொகையில்' என்பதுதான். உங்கள் பாலிசியிலும் அப்படித்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, திருத்தித் தரச் சொல்லி எழுதுங்கள். இங்கே 12,600 ரூபாய் திரும்ப வர வேண்டும்.

மருந்து பில்லுலயும் 37.5% கழிச்சிருக்காங்க. அதுவும் சரிதானா?

சரியில்லை. முன்பெல்லாம் அறை தவிர மொத்த பில்லையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். மாத்திரை விலை அறைக்கு அறை மாறுவதில்லை, அதை எப்படி வெட்டலாம் என்று புகார்கள் குவிந்தன. 2020-ல் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. விதியைத் தெளிவாக்கியது. மருந்து மற்றும் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பொருள்கள், உடலுக்குள் வைக்கும் கருவிகள், பரிசோதனைச் செலவு இவற்றில் விகிதக் கழிவு கூடாது. எங்கள் உதாரணத்தில் 78,000 ரூபாய் குறையாமல் இருந்தது இதனால்தான்.

கண்டுபிடிப்பது சுலபம். செட்டில்மென்ட் கடிதத்தோடு வரும் பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் கேட்ட தொகை, கழித்த தொகை, காரணம் என மூன்று இருக்கும். மருந்து வரியில் கழித்ததை கேட்ட தொகையால் வகுத்துப் பாருங்கள். மருந்துக்கு 38,000-ல் 14,250 போயிருந்தால் அது 37.5 சதவீதம். அறை விகிதம் அப்படியே வந்து உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். பரிசோதனை, வலை வரிகளிலும் இதே கணக்கு வந்தால் மொத்தம் 29,250 தவறாகக் கழிந்திருக்கும். கோ-பேமென்ட் போனாலும் 23,400 ரூபாய் உங்களுக்கு வர வேண்டியது. மருந்து வரியில் 1,100, 740 என்று விகிதத்துக்கு ஒட்டாத சில்லறைத் தொகை கழிந்திருந்தால், அது தரப்படாத பொருள்களுக்காக இருக்கும். அதற்கு 68 பொருள்கள் கொண்ட தனிப் பட்டியல் பாலிசியின் பின்னிணைப்பில் உண்டு.

எங்க ஆஸ்பத்திரியில எந்த ரூம்ல இருந்தாலும் டாக்டர் ஃபீஸ் ஒண்ணுதானாம். அப்பவும் கழிப்பாங்களா?

கழிக்கக் கூடாது. அதே 2020 விதியில் இதுவும் இருக்கிறது: அறைக்கு ஏற்பக் கட்டணம் மாறாத ஆஸ்பத்திரியில், அல்லது அப்படி மாறாத செலவு வகைகளில், விகிதக் கழிவு கிடையாது. அறை வாடகை வித்தியாசமான 12,000-ஐ மட்டும் கழித்துக்கொள்ளலாம். சிறு நகரங்களில் டாக்டர் குடும்பமே நடத்தும் ஆஸ்பத்திரிகள் பலவும் இப்படித்தான். ஆனால் கம்பெனியில் க்ளெய்ம் பார்ப்பவருக்கு அது தெரியாது. அவர் 8,000-ஐயும் 5,000-ஐயும் பார்த்து விகிதத்தைப் போட்டுவிடுவார்.

நிரூபிக்க வேண்டியது நாம். ஆஸ்பத்திரி லெட்டர்ஹெட்டில், 'சர்ஜன், மயக்க மருந்து, தியேட்டர், விசிட் கட்டணங்கள் அறை வகையைப் பொறுத்து மாறுவதில்லை' என்று கையெழுத்தும் முத்திரையும் வைத்து ஒரு கடிதம் வாங்குங்கள். முடிந்தால் கட்டணப் பட்டியலின் நகலும். வாய்வார்த்தையாக பில்லிங் ஆள் சொன்னது எடுபடாது. டிஸ்சார்ஜ் ஆகும் நாளிலேயே கேட்டால் தந்துவிடுவார்கள், மாதம் கழித்துப் போனால் இழுத்தடிப்பார்கள். எங்கள் உதாரணத்தில் இந்த ஒரு தாள் இருந்தால் 45,000 மறுபடி ஏற்கப்பட்டு, கோ-பேமென்ட் போக 36,000 கூடுதலாக வரும்.

ரெண்டு நாள் ஐ.சி.யு.வுல இருந்தார். அதையும் விகிதத்துல வெட்டினாங்க.

ஐ.சி.யு. கட்டணத்தில் விகிதக் கழிவு கூடாது. அங்கே சாதாரணம், டீலக்ஸ் என்று தேர்ந்தெடுக்க நோயாளிக்கு வழியில்லை என்பதால் விதியே அப்படி. ஆனால் ஐ.சி.யு.வுக்குத் தனி வரம்பு பாலிசியில் இருக்கலாம். உதாரணமாக 2 சதவீதம், அதாவது 5 லட்சம் பாலிசிக்கு நாளுக்கு 10,000. ஐ.சி.யு. 14,000 என்றால் மேலே உள்ள 4,000 உங்களுடையது. அதோடு நிற்க வேண்டும்.

ரூம் வாடகை 4,500தான். வரம்புக்குள்ள இருந்தும் கழிச்சிருக்காங்களே?

பில்லில் நர்சிங் கட்டணம் தனி வரியாக இருக்கிறதா பாருங்கள். பாலிசி வாசகம் பல நேரம் 'அறை வாடகை, உணவு, நர்சிங் எல்லாம் சேர்த்து' என்றிருக்கும். அறை 4,500, நர்சிங் 1,000 என்றால் கம்பெனி கணக்கில் உங்கள் அறை 5,500. வரம்பை 500 தாண்டியதற்கு 1,20,000 ரூபாய் டாக்டர், தியேட்டர் செலவில் சுமார் 10,900 போய்விடும்.

அறையைத் தேர்ந்தெடுக்கும்போது கவுன்ட்டரில் சொல்லும் விலை அறைக்கு மட்டுமானது. "நர்சிங் எவ்வளவு, டியூட்டி டாக்டர் எவ்வளவு, எல்லாம் சேர்த்து நாளுக்கு என்ன வரும்" என்று கேட்க வேண்டும். இதை யாரும் தாமாகச் சொல்வதில்லை.

நாங்க கேட்ட ரூம் காலியில்லை, அவங்களா மேல் ரூம் போட்டாங்க. எங்க தப்பா?

தப்பு உங்களுடையது இல்லைதான். ஆனாலும் பாலிசியில் அதற்கு விலக்கு இருப்பது அபூர்வம். எந்த அறையில் இருந்தீர்கள் என்பதைத்தான் கம்பெனி பார்க்கும், ஏன் என்று பார்க்காது. அதனால் பேச வேண்டிய இடம் ஆஸ்பத்திரி, அதுவும் படுக்கையில் படுப்பதற்கு முன்னால். "எங்களுக்குத் தகுதி 5,000. உங்களிடம் அறை இல்லாததால் மேலே போகிறோம், பில்லை 5,000 ரூபாய் அறை ரேட்டிலேயே போட வேண்டும்" என்று அட்மிஷன் படிவத்தில் எழுத வையுங்கள். சில ஆஸ்பத்திரிகள் ஒப்புக்கொள்ளும். காலியானதும் மாற்றித் தருகிறோம் என்றாவது எழுதித் தரும்.

அதுவும் முடியாவிட்டால் அறை காலியில்லை என்று ஒரு கடிதம். விபத்து, மாரடைப்பு போன்ற அவசர சேர்க்கையில் அந்தக் கடிதத்தை வைத்துக் கேட்டுப் பார்க்கலாம். தருவார்கள் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. அது அவர்கள் இரங்கித் தருவது, நம் உரிமையாக இல்லை.

இதையெல்லாம் சேரும்போதே ஏன் யாரும் சொல்லல?

சொல்லியிருப்பார்கள், ஒரு தாளில். கேஷ்லெஸ் கேட்டதும், கம்பெனிக்காக க்ளெய்ம்களைக் கையாளும் டி.பி.ஏ.விலிருந்தோ கம்பெனியிலிருந்தோ ஆஸ்பத்திரி காப்பீட்டு மேசைக்கு முதல் அனுமதிக் கடிதம் வரும். அதில் அனுமதித்த தொகைக்குக் கீழே அறை வாடகைத் தகுதியும் கோ-பேமென்ட் சதவீதமும் சின்ன எழுத்தில் இருக்கும். எல்லோரும் தொகையை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடுவார்கள். அந்தக் கடிதத்தை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 2024 மே மாத ஐ.ஆர்.டி.ஏ.ஐ. சுற்றறிக்கைப்படி முதல் அனுமதியை ஒரு மணி நேரத்துக்குள் முடிவு செய்ய வேண்டும். எனவே சேர்ந்த அன்றே, அறை மாற இன்னும் வாய்ப்பு இருக்கும்போதே அது கையில் கிடைக்கும்.

கேஷ்லெஸ் இறுதி அனுமதி டிஸ்சார்ஜ் கோரிக்கை போன மூன்று மணி நேரத்துக்குள் வர வேண்டும். முதல் அனுமதி வந்துவிட்டதால் இறுதியில் எல்லாம் வரும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நாம் மேலே பார்த்த கழிவெல்லாம் இறுதி பில்லின் மேல்தான் நடக்கும்.

கழிவுப் பட்டியல்ல 'ஆஸ்பத்திரி தள்ளுபடி'ன்னு 9,000 இருக்கு. அதையும் எங்களைக் கட்டச் சொல்றாங்க.

கட்ட வேண்டாம். நெட்வொர்க் ஆஸ்பத்திரியும் கம்பெனியும் தங்களுக்குள் போட்ட ஒப்பந்தப்படி ஆஸ்பத்திரி தரும் தள்ளுபடி அது. ஒப்பந்த ரேட்டுக்கு மேல் போட்ட தொகையும் அப்படித்தான். நோயாளியிடம் வசூலிக்கக் கூடாது என்று இறுதி அனுமதிக் கடிதத்திலேயே பெரும்பாலும் எழுதியிருக்கும். அந்த வரியைக் காட்டிக் கேளுங்கள். ஒப்புக்கொள்ளவில்லை என்றால் கவுன்ட்டரில் நின்றபடியே டி.பி.ஏ. எண்ணுக்கு போன் போடுங்கள்.

பையன் கம்பெனியில இன்னொரு பாலிசி இருக்கு. இந்த 97,600-ஐ அதுல கேட்கலாமா?

கேட்கலாம். ஒரு பாலிசியில் மறுக்கப்பட்ட தொகையை இன்னொன்றில் கேட்கும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு. அறை வாடகைக்காகக் கழித்த 57,000-மும் கோ-பேமென்ட் 34,600-மும் இரண்டாவது பாலிசிக்குப் போகலாம். தரப்படாத 6,000 அங்கேயும் வராது.

முதல் கம்பெனியின் செட்டில்மென்ட் கடிதம், கழிவுப் பட்டியல், ஆஸ்பத்திரி முத்திரை வைத்த பில் நகல்கள் வேண்டும். இரண்டாவது கம்பெனிக்குத் தகவல் கொடுக்கும் கெடுவை முதலிலேயே பார்த்துவிடுங்கள். முதல் க்ளெய்ம் முடியட்டும் என்று காத்திருந்து கெடுவைத் தாண்டியவர்கள் நிறைய. இரண்டாவது பாலிசிக்கும் அதன் வரம்புகள் உண்டு. கம்பெனி குரூப் பாலிசியில் பெற்றோருக்கு மட்டும் தனி கோ-பேமென்ட் வைத்திருப்பார்கள். எந்தப் பாலிசியில் முதலில் கேட்பது என்பது உங்கள் விருப்பம். அறை வரம்பு தாராளமாக இருப்பதை முதலில் எடுங்கள்.

அடுத்த வருஷமாவது இந்த ரெண்டையும் எடுத்துவிட முடியுமா?

புதுப்பிக்கும்போது கேட்கலாம். அறை வரம்பை நீக்கும் கூடுதல் வசதி பல பாலிசிகளில் கூடுதல் பிரீமியத்துக்குக் கிடைக்கிறது. கோ-பேமென்ட்டை நீக்குவது அதைவிடக் கடினம். வயதான பிறகு, அதுவும் ஒரு க்ளெய்ம் வாங்கிய பிறகு, கம்பெனி ஒப்புக்கொள்ளாமலும் போகலாம். இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் நான் அறை வரம்பை எடுக்கச் சொல்வேன். கோ-பேமென்ட் எவ்வளவு என்று முன்கூட்டியே தெரியும், பணத்தை ஒதுக்கி வைக்கலாம். அறை விகிதம் எவ்வளவு வெட்டும் என்று பில் வரும்வரை தெரியாது.

பாலிசியோடு வரும் வாடிக்கையாளர் தகவல் தாளில் இந்த இரண்டும் எளிய வாசகத்தில் இருக்க வேண்டும். தமிழில் வேண்டுமென்று கேட்டும் வாங்கலாம்.

கழிவு தப்புன்னு தெரியுது. யாரிடம் போறது?

முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு மெயில். கோபத்தைக் கொட்டி ரெண்டு பக்கம் எழுதினால் பொதுவான பதில்தான் வரும். வரி வரியாக எழுதுங்கள்: மருந்து 38,000-ல் 14,250 கழிக்கப்பட்டுள்ளது, இது விகிதக் கழிவு, 2020 விதிப்படி மருந்துக்கு இது பொருந்தாது, திருத்தித் தரவும். ஆஸ்பத்திரிக் கடிதம் இருந்தால் அதையும் இணையுங்கள். இரண்டு வாரத்துக்குள் பதில் வர வேண்டும். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளத்திலும் 155255 என்ற எண்ணிலும் புகாரைப் பதியலாம்.

ஒரு மாதத்தில் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் திருப்தியில்லை என்றால் காப்பீட்டு ஓம்பட்ஸ்மன். தமிழ்நாட்டுக்கு சென்னை அலுவலகம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் ரூபாய் வரையான வழக்குகளை எடுப்பார்கள். கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். அங்கே போவதற்கு முன் எந்தக் கழிவை எதிர்க்கிறோம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். 20 சதவீத கோ-பேமென்ட் அதிகம், அறை வரம்பு அநியாயம் என்று போனால் பாலிசியில் கையெழுத்திட்டதைக் காட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மருந்தில் விகிதம் போட்டது, ஐ.சி.யு.வில் போட்டது, கட்டணம் மாறாத ஆஸ்பத்திரியில் போட்டது, கோ-பேமென்ட்டை மொத்த பில்லில் பிடித்தது, இந்த நான்கில் ஒன்று இருந்தால் தாராளமாகப் போகலாம்.